ஜிஎஸ்டி தாக்கல் செய்ய மறந்துவிட்டால் மேலாளருக்கு என்ன எழுதுவது?

கேள்வி: சிங்கப்பூரில் சின்ன கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். முதல் காலாண்டு ஜிஎஸ்டி ரிட்டர்னை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மேலாளரிடம் சொல்லியிருந்தேன். சுத்தமாக மறந்துவிட்டேன். ஏப்ரல் 30 கெடு. இன்று திங்கட்கிழமை, மே 4, இப்போதுதான் ஞாபகம் வந்தது. போர்ட்டல் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிடலாமா? மேலாளர் தமிழர்தான், வாட்ஸ்அப்பில் தமிழில்தான் எழுதிக்கொள்வோம்.

பதில்:

சொல்லாதீர்கள். நல்லொழுக்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கணக்காகவே பார்த்தாலும் அந்தச் சாக்கு உங்களுக்குத்தான் நஷ்டம். மறந்தவருக்கு ஏப்ரல் 30 அன்று கெடு நினைவிலேயே இல்லை. போர்ட்டல் வேலை செய்யவில்லை என்று சொல்பவருக்கோ அன்றைக்கே எல்லாம் தெரிந்திருக்கிறது: உட்கார்ந்திருக்கிறார், முயன்றிருக்கிறார், முடியவில்லை, அதன் பிறகு மே தின விடுமுறையும் சனி, ஞாயிறும் சேர்த்து நாலு நாள் வாயைத் திறக்கவில்லை. மேலாளர் அடுத்து கேட்கப்போவது இதைத்தான்: “அன்னைக்கே ஏன் எனக்குச் சொல்லல? ஸ்கிரீன்ஷாட் எடுத்தீங்களா? வரித்துறைக்கு போன் பண்ணீங்களா?” மறதி என்ற சின்னத் தப்பை மறைக்கப் போய், தெரிந்தே அமுக்கிவைத்தது என்ற பெரிய தப்பை நீங்களே தலையில் போட்டுக்கொள்கிறீர்கள்.

இன்னொரு ஆபத்து, அந்தப் பொய் உங்கள் இருவரோடு நிற்காது. அபராதத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லி கம்பெனி சிங்கப்பூர் வரித்துறையான ஐராஸிடம் விண்ணப்பிக்கலாம். அதில் தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டியிருக்கும். மேலாளர் நீங்கள் சொன்னதை நம்பி, “போர்ட்டல் கோளாறு” என்று கம்பெனி பெயரில் எழுதி அனுப்புவார். பராமரிப்புக்காகப் போர்ட்டல் நிற்கும் நேரத்தை ஐராஸ் தன் இணையத்தளத்தில் போடுகிறது, அன்று தளம் ஓடியதா இல்லையா என்பது அவர்களுக்கே தெரியும். இப்போது வரி அதிகாரியிடம் பொய் சொன்னவர் உங்கள் மேலாளர், அதுவும் தெரியாமலே.

செய்தி அனுப்பும் முன் ஒரு கால்மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வேண்டாம். “எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டுச் சொல்கிறேன்” என்று இழுத்தால் நாள் ஓடிவிடும். அந்தக் கால்மணி நேரத்தில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலில், நிஜமாகவே தாக்கல் ஆகவில்லையா என்று ஐராஸின் மைடேக்ஸ் போர்ட்டலில் நுழைந்து பாருங்கள். ஏற்கெனவே ஏதாவது அறிவிப்புக் கடிதம் வந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள். கெடு தாண்டினால் ஐராஸ் தானாகவே ஒரு மதிப்பீட்டுத் தொகையைப் போட்டு நோட்டீஸ் அனுப்ப முடியும், அது வந்திருந்தால் செய்தியில் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது, பாதிப்பு எவ்வளவு. ரிட்டர்ன் கெடுவுக்குள் போகாவிட்டால் உடனே 200 வெள்ளி அபராதம். அதன்பின் முழுதாகக் கடக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் இன்னொரு 200, ஒரு ரிட்டர்னுக்கு உச்சவரம்பு 10,000. வரிப்பணமும் கட்டவில்லை என்றால் அதன்மேல் 5 விழுக்காடு தனி. உங்கள் ஜிஎஸ்டி ரிட்டர்னான எஃப் 5 படிவத்தின் 8ஆம் பெட்டியில் நிகர வரி 6,400 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம், வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் கைரோ ஏற்பாடும் இல்லை. 5 விழுக்காடு 320, அதோடு 200, ஆக 520 வெள்ளி. இந்த ஒரு எண் கையில் இருந்தால் மேலாளர் மனதில் பூதமாக வளரக்கூடிய விஷயம் 520 வெள்ளிப் பிரச்சினையாகச் சுருங்கிவிடும். (520 சின்னத் தொகை என்று நீங்கள் சொல்லாதீர்கள். அதை அவர் சொல்லட்டும்.)

மூன்றாவது, வேறு ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா. உங்கள் செய்தியைப் படித்ததும் மேலாளர் மனதில் ஓடும் கேள்வி அதுதான், கேட்காவிட்டாலும் ஓடும். ஊழியர்களுக்கான மத்திய சேமநிதி, அதாவது சிபிஎஃப், ஏப்ரல் மாதத்துக்குக் கட்டியாயிற்றா என்று பாருங்கள். அதுவும் மாதக் கடைசியில் கட்ட வேண்டியதுதான், 14ஆம் தேதிவரை சலுகை நாள் உண்டு. அதுவும் உங்கள் பொறுப்பாக இருந்தால் நிலவரம் என்ன என்று ஒரு வரி சேருங்கள்.

இதில் இரண்டு சபலங்கள் வரும். ஒன்று, யாருக்கும் சொல்லாமல் இப்போதே தாக்கல் செய்துவிட்டு, அபராதத்தைச் சொந்தக் காசில் கட்டிவிடலாம் என்று தோன்றும். அபராத நோட்டீஸ் கம்பெனி பெயருக்கு வரும், மேலாளரோ முதலாளியோ பார்ப்பார்கள், கதை அங்கே நாறும். மற்றொன்று, பதற்றத்தில் எண்களை அடித்து அனுப்புவது. விடுபட்ட இன்வாய்ஸ் ஒன்று பின்னால் தெரியவந்தால் திருத்தத்துக்கு எஃப் 7 படிவம் போட வேண்டியிருக்கும், ஒரே காலாண்டுக்கு இரண்டு முறை தலைகுனிவு. கெடு ஏற்கெனவே போய்விட்டது. இன்று மாலை அனுப்பினாலும் நாளை காலை அனுப்பினாலும் அபராதம் அதே 200தான், அதனால் சரிபார்த்தே அனுப்புங்கள்.

இனி செய்தி. பொதுவாக எல்லாரும் எழுதுவது இப்படி இருக்கும்:

“வணக்கம் மேடம், மன்னிக்கணும். போன வாரம் மாசக் கடைசி குளோசிங், ஆடிட்டர் வேற தொடர்ந்து கேட்டுக்கிட்டே இருந்தாங்க, லீவும் வந்துடுச்சு. அதனால ஜிஎஸ்டி கொஞ்சம் லேட் ஆயிடுச்சு. ரொம்ப சாரி மேடம், இனிமே இப்படி நடக்காது.”

இதில் ஒரு பொய்கூட இல்லாமல் இருக்கலாம், ஆனாலும் செய்தி ஏமாற்றுகிறது. குளோசிங் நடந்தது உண்மை, ஆடிட்டர் கேட்டது உண்மை, ஆனால் ரிட்டர்ன் போகாததற்கு அவை காரணமில்லை. மேலாளர் இதை நம்பினால் உங்களுக்கு வேலைப் பளு அதிகம் என்று நினைத்து வேலையைக் குறைப்பார், கெடுவை யாரும் குறித்துவைக்கவில்லை என்ற ஓட்டை அப்படியே இருக்கும். “லேட் ஆயிடுச்சு” என்றால் தாக்கல் ஆகிவிட்டது என்றும் படிக்கலாம். மேலாளர் அப்படியே படித்துவிட்டு முதலாளியிடம் “போட்டாச்சு” என்று சொல்லிவைத்தால் அடுத்த சிக்கல். எவ்வளவு நஷ்டம், இப்போது என்ன செய்ய வேண்டும் என்பதும் இல்லை.

நான் பரிந்துரைப்பது இது:

“மேடம், ஒரு தப்பு நடந்திருக்கு. முதல் காலாண்டு ஜிஎஸ்டியை நான் பார்த்துக்கிறேன்னு சொல்லியிருந்தேன், மறந்துட்டேன். கெடு ஏப்ரல் 30, இன்னும் தாக்கல் ஆகல, வரியும் கட்டல. இன்னைக்குக் காலையிலதான் ஞாபகம் வந்தது.

அபராதம் 200, வரி 6,400 மேல 5% 320, மொத்தம் 520 வெள்ளி வரலாம். ஐராஸ்கிட்ட இருந்து இதுவரை கடிதம் எதுவும் இல்ல.

மூணு மணிக்குள்ள கணக்கைச் சரிபார்த்து உங்க ஒப்புதலுக்கு அனுப்புறேன். நீங்க பார்த்தவுடனே இன்னைக்கே தாக்கல் பண்ணி பேநவ்ல கட்டிடலாம். ஏப்ரல் சிபிஎஃப் பார்த்துட்டேன், கட்டியாச்சு.

மன்னிக்கணும் மேடம்.”

முதல் பத்தியிலேயே “மறந்துட்டேன்” வந்துவிட வேண்டும், அதுவும் “நான்” என்ற எழுவாயோடு. “மிஸ் ஆயிடுச்சு”, “விட்டுப்போச்சு” என்றால் தவறு தானாகவே நடந்ததுபோல ஒலிக்கும், படிப்பவருக்கு அது உடனே உறுத்தும். மன்னிப்பு ஒரு முறை போதும், கடைசியில். நாலு முறை சாரி கேட்டால் உங்களைத் தேற்றுகிற வேலையும் மேலாளர் தலையில் விழும். “மூணு மணிக்குள்ள” என்று நேரம் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். இன்றைக்கு அந்த நேரம் தவறக் கூடாது, சந்தேகம் இருந்தால் ஐந்து மணி என்றே எழுதுங்கள்.

செய்தியில் சேர்க்கக் கூடாதவையும் உண்டு. “அபராதத்தை என் சம்பளத்துல பிடிச்சுக்குங்க” வேண்டாம். சம்பளப் பிடித்தம் வேலைவாய்ப்புச் சட்டம் அனுமதிக்கும் காரணங்களுக்காக மட்டும்தான் செய்யலாம், அவரை வீணாகத் தர்மசங்கடத்தில் மாட்டிவிடுகிறீர்கள். “நீங்களும் ஞாபகப்படுத்தல” என்ற தொனி எந்த வடிவத்திலும் வேண்டாம். அவர் ஒப்புதல் கொடுப்பவர் என்பதால் கெடு அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்தான், ஆனால் அதை அவரே சொல்வார், அல்லது சொல்ல மாட்டார்.

அவர் உடனே போனில் கூப்பிட்டு, “இதை எப்படி மறந்தீங்க?” என்று கேட்பார். இங்கேதான் பலர் சறுக்குவார்கள். நேர்மையாகச் செய்தி எழுதியவர்கூட அந்தக் கேள்வியின் சூட்டில் ஒரு காரணத்தைப் பிடித்து இழுத்துவிடுவார். மறதிக்குக் காரணம் கிடையாது, எந்த இடத்தில் நழுவியது என்று மட்டும்தான் சொல்ல முடியும்: “காரணம்னு ஒண்ணும் இல்ல மேடம். வாயால சொன்னதோட சரி, காலண்டர்ல போடல.” இது சாக்கு இல்லை, ஏனென்றால் காலண்டரில் போட வேண்டியவரும் நீங்கள்தான். அதோடு அவர் சரிபார்க்கக்கூடிய திருத்தம் ஒன்றைச் சொல்லுங்கள். ஜனவரி 31, ஏப்ரல் 30, ஜூலை 31, அக்டோபர் 31 என்று உங்கள் காலாண்டுக் கெடுக்களைப் பகிர்ந்த காலண்டரில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பத்து நாள் முன்னால் “ஒப்புதலுக்கு அனுப்பு” என்று இன்னொரு பதிவும் போட்டு, இரண்டிலும் அவரைச் சேர்த்துவிடுங்கள். அழைப்பு அவர் திரையில் வந்து விழுந்தால் “இனிமே நடக்காது” என்று சொல்லவே தேவையில்லை.

தள்ளுபடி விண்ணப்பம் போடுவதாக இருந்தால் ரிட்டர்னும் வரியும் முதலில் போய்ச் சேரட்டும். பிறகு காரணப் பகுதியில் மேலாளருக்குச் சொன்னதையே எழுதுங்கள்: பொறுப்பான ஊழியர் கெடுவைத் தவறவிட்டார், தெரிந்த நாளிலேயே தாக்கல் செய்தோம், இன்ன ஏற்பாடு செய்திருக்கிறோம். தள்ளுபடி கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். செய்தியில் அதை நம்பிக்கையாகக் கொடுக்காதீர்கள், 520 என்ற எண்ணையே நிறுத்துங்கள்.

கடைசியாக ஒன்று. “மறந்துட்டேன்” என்பது உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். 28ஆம் தேதி ஞாபகம் இருந்து, கொள்முதலுக்குக் கட்டிய ஜிஎஸ்டியைக் காட்டும் 7ஆம் பெட்டியின் உள்வரிக் கணக்கு இடித்ததால் அப்புறம் பார்ப்போம் என்று தள்ளிவைத்திருந்தால் அது மறதி இல்லை. மறதி என்ற சொல் அங்கே அதே போர்ட்டல் கோளாறைப் போன்ற சாக்குதான். அப்போது செய்தியின் இரண்டாவது வரி மாற வேண்டும்: “7ஆம் பெட்டிக் கணக்கு ஒத்துவரல, உங்ககிட்ட கேட்காம தள்ளிப்போட்டேன்.” அதற்கு மேலாளர் செய்ய வேண்டிய உதவியே வேறு.