எம்எல்ஓ, ஓஎஃப்டிஎம்ஏ: வீவக வீட்டில் யாருக்குப் பயன்? கேள்வி பதில்

உட்லண்ட்ஸிலிருந்து: அக்கா, எங்க புளோக்குல ஸ்கேன் பண்ணினா முப்பது வைஃபை பேர் வருது. ஓஎஃப்டிஎம்ஏ இருந்தா பக்கத்து வீட்டு நெரிசல் தீரும்தானே?

பாதி சரி, தம்பி. அது நெரிசலுக்காக வந்ததுதான், ஆனால் உங்கள் வீட்டுக்குள் இருக்கும் நெரிசலுக்கு. முன்பெல்லாம் ஒரு சின்னச் செய்தியை அனுப்பக்கூட ஒரு கருவி முழுச் சேனலையும் பிடித்துக்கொள்ளும், மற்றவை காத்திருக்கும். வைஃபை 6 முதல் ரௌட்டர் சேனலைத் துண்டுபோட்டு, 20 மெகாஹெர்ட்ஸில் ஒன்பது கருவிகள் வரை ஒரே நேரத்தில் பேச விடுகிறது. பக்கத்து வீட்டு ரௌட்டருக்கு இந்தப் பங்கீடு தெரியாது, அது தன் பாட்டுக்குக் குறுக்கே வரும்.

இன்னொன்று: துண்டு வாங்கும் கருவியும் வைஃபை 6 ஆக இருக்க வேண்டும். மலிவான பிளக், கேமரா பெரும்பாலும் வைஃபை 4 தான், அவற்றுக்கு இதில் பங்கில்லை. அக்கம்பக்கத் தொல்லை குறைய வேண்டுமென்றால் 6 கிகாஹெர்ட்ஸ் பக்கம் போங்கள். 2023இல் ஐஎம்டிஏ இங்கே 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை திறந்துவிட்டது. பழைய கருவி எதுவும் அங்கே நுழைய முடியாது.

செங்காங்கிலிருந்து: நாலறை வீடு. ஃபைபர் பெட்டி பாம் ஷெல்ட்டருக்குள்ள, ரௌட்டரும் அங்கேயேதான். 1 ஜிபிபிஎஸ் திட்டம். பெரிய படுக்கையறையில மெஷ் வச்சும் 200ஐத் தாண்டல. எம்எல்ஓ ஜோடி வாங்கலாமா?

எம்எல்ஓ என்பது ஒன்றுக்கு மேற்பட்ட அலைவரிசைகளில் ஒரே நேரத்தில் இணைந்திருக்க விடும் வைஃபை 7 வசதி. அதனால் உண்மையிலேயே பயன்பெறும் வீடு உங்களுடையதுதான். ஆனால் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

போன வருடம் இதே அமைப்பில் ஒரு வீடு பார்த்தேன். படுக்கையறையில் 210 எம்பிபிஎஸ். முதலில் ஒரு லேன் கேபிள் இழுத்து, ரௌட்டரை ஷெல்ட்டரிலிருந்து டிவி மேசைக்குக் கொண்டுவந்தோம். கம்பி போட்ட கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் விலகியதும் 390 ஆனது. பணம் செலவழித்தது கேபிளுக்கு மட்டும்.

அதற்கு மேல் ஏறாததற்குக் காரணம் வேறு. பழைய மெஷ் 5 கிகாஹெர்ட்ஸ் ஒன்றிலேயே ரௌட்டரோடும் பேசியது, மடிக்கணினியோடும் பேசியது. ஒரே தகவல் ஒரே சேனலில் இரண்டு முறை காற்றில் போனால் வேகம் பாதியாகத்தான் இருக்கும். வைஃபை 7 ஜோடி வைத்ததும் இரண்டு பெட்டிகளும் தங்களுக்குள் 5, 6 இரண்டிலும் சேர்ந்து பேசின, 700க்குப் பக்கத்தில் வந்தது. இரண்டும் மின்சாரத்தில் ஓடுபவை, ஒவ்வொரு அலைவரிசைக்கும் தனி ரேடியோ உள்ளவை, அதனால் முடிந்தது.

6 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டுவதில் பலவீனமானது. ரௌட்டரின் செயலியில் இரண்டு பெட்டிக்கும் இடையிலான இணைப்பைப் பாருங்கள். 5 மட்டும் காட்டினால் எம்எல்ஓ பெயருக்குத்தான் இருக்கிறது, பெட்டியை நகர்த்துங்கள். படுக்கையறைச் சுவரில் லேன் சாக்கெட் இருந்தால் அதிலேயே செருகிவிடுங்கள், அதை எந்த வைஃபையும் வெல்லாது.

தெம்பனிஸிலிருந்து: என் போன் வைஃபை 7. ரெண்டு பேண்டும் சேர்ந்தா வேகமும் ரெண்டு மடங்குதானே?

இல்லை. பெரும்பாலான போன்கள் இரண்டிலும் காது வைத்திருக்கும், தகவலை ஒரு நேரத்தில் ஒன்றில்தான் அனுப்பி வாங்கும். எது காலியோ அதற்குத் தாவும். குறைவது காத்திருப்பு நேரம்.

பொங்கோலிலிருந்து: அப்ப 10 ஜிபிபிஎஸ் திட்டத்துக்கு மாறினா பையனோட கேம் பிங் குறையும்ல?

அது வீட்டுக்கு வரும் ஃபைபர், நான் சொல்வது வீட்டுக்குள் இருக்கும் காற்று. கோளாறு எங்கே என்று முதலில் பிரித்துப் பாருங்கள். அவன் விளையாடும்போது விண்டோஸ் கணினியில் இதை ஓடவிடுங்கள் (உங்கள் ரௌட்டர் முகவரி வேறாக இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்):

```
ping -t 192.168.1.1
```

2, 3 என்று வந்துகொண்டிருப்பது திடீரென 80, 100 என்று எகிறினால் வைஃபைதான் காரணம். சீராக இருந்தும் கேம் தடுமாறினால் கோளாறு வெளியே, புது ரௌட்டர் உதவாது. வைஃபைதான் காரணம் என்றால்கூட எம்எல்ஓ அந்த எகிறலை எவ்வளவு குறைக்கும் என்பது கருவிக்குக் கருவி மாறுகிறது. ஒரு மடிக்கணினியில் நன்றாகக் குறைந்தது, இன்னொன்றில் அணைத்து வைத்தபோதுதான் சீரானது.

ஈசூனிலிருந்து: எம்எல்ஓவை ஆன் பண்ணதும் சாமி விளக்கு பிளக்கும் வாசல் கேமராவும் போச்சு!

எம்எல்ஓ WPA3 கேட்கும், பழைய பிளக்குகளுக்கு WPA2 தான் தெரியும். 2.4இல் மட்டும், WPA2 வைத்து, தனிப் பெயரில் ஒரு வைஃபை உருவாக்கி அவற்றை அதில் சேருங்கள்.

ஈசூனிலிருந்து மறுபடியும்: பிளக் வந்திருச்சு. கேமரா இன்னும் வரல.

கேமராவை ரீசெட் செய்து புதிதாகச் சேருங்கள். சேர்க்கும் நேரத்தில் போனும் அந்த 2.4 பெயரில்தான் இருக்க வேண்டும். அப்படியும் வராவிட்டால் மாடல் எண்ணை எழுதுங்கள், பார்க்கிறேன்.