ஃபேர்டிரேட் காபிக்குக் கொடுக்கும் கூடுதல் காசு விவசாயி கைக்குப் போகிறதா?

காபி பாக்கெட்டில் விவசாயிக்கு நியாய விலை தருவதாகச் சொல்லும் ஃபேர்டிரேட் முத்திரை குத்தியிருக்கிறதா? அதற்காக நீங்கள் கொடுக்கும் கூடுதல் காசு உண்மையிலேயே விவசாயிக்குப் போகிறதா, இல்லை கடைக்காரருக்கா?

கொஞ்சம் போகிறது. ஆனால் நீங்கள் கடையில் கூடுதலாகக் கொடுக்கும் தொகைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. கடை விலையை எவ்வளவு ஏற்றலாம் என்பதில் ஃபேர்டிரேட் தலையிடுவதில்லை. அது கட்டுப்படுத்துவது ஏற்றுமதித் துறைமுகத்தில் வறுக்காத பச்சைக் கொட்டைக்குக் கிடைக்கும் விலையை மட்டும்தான்.

அங்கே இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, குறைந்தபட்ச விலை. கழுவிப் பதப்படுத்திய அராபிகா வகைக் காபிக்கு 2011 முதல் பவுண்டுக்கு 1.40 டாலராக இருந்தது, 2023இல் 1.80 ஆனது. சந்தை விலை அதைவிட அதிகமாக இருந்தால் சந்தை விலையையே கொடுக்க வேண்டும். 2025 தொடக்கத்தில் நியூயார்க் சந்தையில் விலை 4 டாலரைத் தாண்டியபோது இந்த வரம்புக்கு வேலையே இல்லாமல் போனது. விலை சரியும் ஆண்டுகளில்தான் அது காப்பாற்றும்.

இரண்டாவது, விலைக்கு மேல் தரும் பிரீமியம். சந்தை எப்படி இருந்தாலும் பவுண்டுக்கு 20 சென்ட். 250 கிராம் வறுத்த காபிக்குச் சுமார் 300 கிராம் பச்சைக் கொட்டை வேண்டும், வறுக்கும்போது ஈரம் போய் எடை குறையும். ஆக, உங்கள் பாக்கெட்டுக்கு வரும் பிரீமியம் ஏறக்குறைய 13 சென்ட். இதுவும் தனி விவசாயிக்கு நேராகப் போவதில்லை, கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகிறது. அதில் கால்பங்காவது விளைச்சலையும் தரத்தையும் கூட்டச் செலவிட வேண்டும். மீதியைச் சாலைக்கா, பள்ளிக்கா, உறுப்பினர்களுக்குப் பணமாகவா என்று பொதுக்குழு வாக்கெடுத்து முடிவு செய்யும்.

சிக்கல் இதற்கு அப்புறம்தான். சங்கம் சான்றிதழ் வாங்கிவிட்டது என்பதற்காக அதன் காபி முழுவதையும் ஃபேர்டிரேட் விலைக்கு யாரும் வாங்குவதில்லை. மூன்றில் ஒரு பங்குதான் அப்படி விற்றது, மீதி சாதாரண காபியாகப் போனது என்று வையுங்கள். மொத்த விளைச்சலில் பரப்பினால் 20 சென்ட் 7 சென்டுக்கும் கீழே இறங்கிவிடும். தணிக்கைக் கட்டணமும் ஆவணச் செலவும் மட்டும் மொத்தத்துக்கும் உண்டு. குவாத்தமாலா கூட்டுறவுகளின் கணக்குகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் டி ஜான்வ்ரி, மெகின்டோஷ், சடூலே ஆகியோர் கண்டதும் இதைத்தான்: லாபம் தெரிந்தால் மேலும் பல சங்கங்கள் சான்றிதழ் வாங்குகின்றன, ஒவ்வொன்றும் முத்திரையோடு விற்கும் பங்கு சுருங்குகிறது, நீண்ட காலத்தில் நிகரப் பலன் கிட்டத்தட்ட பூஜ்யம்.

கோஸ்டாரிகாவைப் பற்றி டிரகுசானுவும் நன்னும் செய்த ஆய்வு கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. அங்கே தோட்ட உரிமையாளர்களின் வருமானம் கூடியிருக்கிறது. ஆனால் கூலிக்குப் பழம் பறிப்பவர்களுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. எனக்கு இதுதான் பெரிய உறுத்தல். பாக்கெட்டில் 'விவசாயி' என்றால் நம் கண்ணில் வருவது பெரும்பாலும் பழம் பறிக்கிறவர்தான், பணமோ நிலம் வைத்திருப்பவரின் சங்கத்துக்குப் போகிறது.

ஒன்று கவனியுங்கள், எல்லா முத்திரையும் ஒன்றல்ல. ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸின் தவளை முத்திரைக்குக் குறைந்தபட்ச விலையே கிடையாது. வாங்குபவர் கூடுதல் தொகை கொடுத்தாக வேண்டும், எவ்வளவு என்பது அவர்கள் பேசிக்கொள்வது. விலைதான் உங்கள் அக்கறை என்றால், எந்தச் சங்கத்திடம் வாங்கினார்கள், துறைமுக விலை என்ன கொடுத்தார்கள் என்று வறுத்து விற்பவரிடமே கேளுங்கள். சில சிறிய நிறுவனங்கள் அதைத் தாங்களே வெளியிடுகின்றன.