வண்டிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து: கேள்வி பதில்

நண்பர் லோடு ஆட்டோ வாங்க ஜாமீன் கேட்கிறார். கட்டாவிட்டால் வண்டியைத்தானே தூக்குவார்கள், எனக்கென்ன?

வண்டியைத் தூக்கியதும் கடன் தீர்ந்துவிடுவதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதத் தவணை 16,000 ரூபாய்; மூன்று தவணை நின்றபோது பாக்கி அசல் 4,10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஏலத்தில் 2,40,000 ரூபாய்க்குப் போகிறது. பறிமுதல் செலவும் யார்டு வாடகையுமாக 15,000 ரூபாய் ஏறுகிறது. மீதி 1,85,000 ரூபாயை, மேலே ஏறும் வட்டியோடு, உங்களிடம் கேட்பார்கள். விற்பதற்கு முன் கடைசி வாய்ப்பாக ஒரு நோட்டீஸ் வரும். அந்த வாரத்திலேயே நண்பரை இழுத்துப்போய் 48,000 ரூபாய் பாக்கியையும் அதன் அபராதத்தையும் கட்ட வைத்தால் பெரும்பாலும் வண்டி திரும்பிவிடும். பழைய முகவரிக்கு நோட்டீஸ் போய்விட்டதால் இந்த வாய்ப்பைத் தவறவிட்டவர்கள் பலர்.

முதலில் கடன் வாங்கியவர் மீது வழக்குப் போட்டு, வசூலாகாத மீதிக்குத்தானே ஜாமீன்தாரர் பொறுப்பு?

அப்படி ஒரு வரிசை சட்டத்தில் இல்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலன்றி, இருவரின் பொறுப்பும் ஒரே அளவுதான். கடன்தாரரை விட்டுவிட்டு நேராக ஜாமீன்தாரரிடமே வரலாம் என்று உச்ச நீதிமன்றம் 1969லேயே சொல்லிவிட்டது. மாதச் சம்பளக்காரர் என்றால் உங்களைத்தான் முதலில் தேடுவார்கள், சம்பளம் ஓடிப்போகாதல்லவா.

மைத்துனருக்குப் போட்ட ஜாமீனிலிருந்து விலகுவதாகப் பதிவுத் தபால் அனுப்பிவிட்டேன். போதும்தானே? இப்போது பேச்சுவார்த்தையே இல்லை.

போதாது. பணம் ஏற்கெனவே கைமாறிய கடனிலிருந்து ஜாமீன்தாரர் தன்னிச்சையாக விலக முடியாது. மாற்று ஜாமீன்தாரரை நிறுவனம் ஏற்று, உங்களை விடுவித்ததாக எழுத்தில் தர வேண்டும். அதுவரை மைத்துனரின் தவணைத் தாமதம் உங்கள் சிபில் அறிக்கையிலும் தெரியக்கூடும். பேச்சுவார்த்தை இல்லாத நிலையில் அதைப் பார்த்துத்தான் அவர் கட்டுகிறாரா என்று நீங்கள் அறிய முடியும்.

மகனின் பைக் கடனில் நான் சாட்சியாகத்தான் கையெழுத்திட்டேன். எனக்கும் இது வருமா?

வெறும் சாட்சிக்கு வராது. ஆனால் ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்கி, உங்கள் கையெழுத்து எந்தச் சொல்லுக்குக் கீழே இருக்கிறது என்று பாருங்கள்.

மூன்றரை லட்சம் போகும் வண்டியை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு என்னிடம் மீதி கேட்கிறார்கள். கட்டித்தான் ஆகவேண்டுமா?

கடன் கொடுத்தவர் தன் கையிலிருந்த ஈட்டை உங்கள் சம்மதமின்றி இழந்தாலோ விட்டுக்கொடுத்தாலோ, அந்த மதிப்புக்கு உங்கள் பொறுப்பு குறையும் என்கிறது 141ஆம் பிரிவு. மலிவாக விற்றதும் இதில் அடங்குமா என்பது வழக்குக்கு வழக்கு மாறும். அந்த உரிமையை நீங்களே விட்டுக்கொடுத்ததாக ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் வாதம் இன்னும் கடினமாகும். ஏல அறிவிப்பு, வந்த விலைக்கோரிக்கைகள், மதிப்பீட்டு அறிக்கை ஆகியவற்றின் நகலை எழுத்தில் கேளுங்கள். நடுவர் முன் விசாரணைக்கு நோட்டீஸ் வந்தால் போகாமல் இருந்துவிடாதீர்கள். கட்ட நேர்ந்தால் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தே கட்டி ரசீது வாங்குங்கள். 145ஆம் பிரிவின்படி நண்பரிடமிருந்து அதைத் திரும்பக் கேட்க அந்த ரசீதுதான் ஆதாரம்.