வட்டம் வட்டமாகப் போகிறது, மையம் எங்கே போகிறது?

வணக்கம் சேர்,

என் மகள் உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கிறாள். ஒரு பயிற்சியில் மாட்டிக்கொண்டோம். AB = 15 சென்ரிமீற்றரை விட்டமாகக் கொண்ட அரைவட்டம். அதற்குள், A-யிலேயே தொடங்கி, AC = 10 சென்ரிமீற்றரை விட்டமாகக் கொண்ட இன்னொரு அரைவட்டம். மீதி CB-யிலும் ஓர் அரைவட்டம். இந்த மூன்றையும் தொடும் முதல் வட்டம், அதையும் இரண்டு பெரிய அரைவட்டங்களையும் தொடும் இரண்டாம் வட்டம் என்று A-யை நோக்கி ஒரு சங்கிலி போகிறது. மூன்றாம் வட்டத்தின் மையம் AB-யிலிருந்து எவ்வளவு உயரம் என்பதுதான் கேள்வி. சமன்பாடுகளை எழுதிப் பார்த்தோம், இரண்டாம் வட்டத்திலேயே வர்க்கமூலங்களில் சிக்கிவிட்டோம். மகளின் தோழி ஒருத்தி இன்வேர்ஷன் செய்யச் சொன்னாள். செய்தோம், 5.9 வந்தது. விடை 6 என்கிறார்கள். எங்கே பிழை? நான் கணிதம் படித்தே இருபது வருடமாகிறது, அதையும் மனதில் வைத்து எழுதுங்கள்.

ஒரு தாய், வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

5.9 என்ற எண்ணைப் பார்த்ததுமே பிழை எங்கே என்று தெரிந்துவிட்டது. மகள் செய்தவற்றில் பெரும்பகுதி சரி. கடைசிப் படியில் வட்டத்தை அல்ல, அதன் மையத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். ஏன் அப்படிச் செய்யக்கூடாது என்பதைச் சொல்வதற்கு முதலில் இருந்து வர வேண்டும். கவராயமும் அடிமட்டமும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

இன்வேர்ஷனைத் தமிழில் நேர்மாற்றம் என்று வைத்துக்கொள்வோம். அதில் விதி ஒன்றுதான். A என்ற புள்ளியை நிலையாக வைக்கிறோம். A-யிலிருந்து d தூரத்தில் இருக்கும் எந்தப் புள்ளியையும், அதே திசையில் 150/d தூரத்துக்கு நகர்த்துகிறோம். பக்கத்தில் இருப்பது தூரப் போகும், தூரத்தில் இருப்பது பக்கத்தில் வரும். √150, அதாவது ஏறக்குறைய 12.25 சென்ரிமீற்றர் ஆரையில் A-யைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்தால், அதன் மேலுள்ள புள்ளிகள் மட்டும் அசையாது. நேர்மாற்றத்தை இன்னொரு தடவை செய்தால் எல்லாம் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

ஏன் 150? 15-ஐயும் 10-ஐயும் பெருக்கினால் 150. அதனால் B போய் C-யில் உட்காரும், C போய் B-யில் உட்காரும். வேறு எண்ணை எடுத்தாலும் கணக்கு வரும், ஆனால் இதை எடுத்தால் படத்தைப் புதிதாக வரையத் தேவையில்லை.

இனி AB-யை விட்டமாகக் கொண்ட பெரிய வட்டத்தைப் பாருங்கள். அதன் மேல் P என்று ஒரு புள்ளி. அரைவட்டத்தில் அமைந்த கோணம் என்பதால் APB செங்கோணம். P நகர்ந்து போன இடம் P′. AP-யை AP′-ஆல் பெருக்கினாலும் 150, AB-யை AC-யால் பெருக்கினாலும் 150. ஆகவே APB, ACP′ ஆகிய இரண்டு முக்கோணிகளும் இயல்பொத்தவை, C-யில் இருக்கும் கோணமும் செங்கோணம்தான். P எங்கே இருந்தாலும் இது உண்மை. அதாவது பெரிய வட்டம் முழுவதும், C வழியாக AB-க்குச் செங்குத்தாகப் போகும் நேர்கோடாக மாறிவிட்டது! அதே காரணத்தால் AC-யை விட்டமாகக் கொண்ட வட்டம், B வழியாகப் போகும் செங்குத்துக் கோடாகிறது. A-யில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்த இரண்டு வட்டங்கள், 5 சென்ரிமீற்றர் இடைவெளியுள்ள இரண்டு சமாந்தரக் கோடுகளாகிவிட்டன. தொடுகிற புள்ளியே நேர்மாற்றத்தின் மையம் என்பதால் அது படத்தில் இல்லாமலே போய்விட்டது. A-யை மையமாக எடுத்ததன் காரணமே இதுதான்.

சங்கிலி வட்டங்கள் A வழியாகப் போவதில்லை. அவை வட்டங்களாகவே இருக்கும். இரண்டு உருவங்கள் ஒரே புள்ளியில் தொட்டால், மாறிய பிறகும் ஒரே புள்ளியில்தான் தொடும். அப்படியானால் ஒவ்வொரு வட்டமும் இரண்டு சமாந்தரக் கோடுகளையும் தொட வேண்டும், முந்திய வட்டத்தையும் தொட வேண்டும். உங்கள் பக்கத்துக் கடற்கரையோர ரயில் பாதையில், இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையில் மட்டாக அடங்கும் தட்டுகளை ஒன்றையடுத்து ஒன்றாக வைத்தது போல. எல்லாத் தட்டுக்கும் விட்டம் 5, ஆரை 2.5. CB மேல் இருக்கும் வட்டம் தன் இடத்திலேயே இருக்கிறது, அதன் மையம் A-யிலிருந்து 12.5 தூரத்தில். மூன்றாம் தட்டின் மையம் அதற்கு நேர் மேலே 15 உயரத்தில், ஆள்கூறு (12.5, 15). கஷ்டமான தொடுகைக் கணக்கு தட்டு அடுக்கும் வேலையாகிவிட்டது. இதுவரை மகள் சரியாகவே வந்திருக்கிறாள்.

திரும்பி வரும்போதுதான் தவறியிருக்கிறது. A-யிலிருந்து அந்த மையத்துக்கு உள்ள தூரம் ஏறக்குறைய 19.53. 150-ஐ அதனால் வகுத்து 7.68 என்று எடுத்திருக்கிறாள். அந்தத் தூரத்தில் உள்ள புள்ளியின் உயரம் 5.90. ஆனால் நேர்மாற்றம் எல்லா இடத்தையும் ஒரே அளவில் சுருக்குவதில்லை. அதே கோட்டில் தட்டின் கிட்டிய விளிம்பு 17.03-இல் இருக்கிறது, எட்டிய விளிம்பு 22.03-இல். கிட்டியது 8.81-க்குப் போகிறது, எட்டியது 6.81-க்கு வருகிறது. இவற்றின் நடுப்புள்ளி 7.81. உண்மையான மையம் அங்கேதான். மகள் எடுத்த 7.68 வட்டத்துக்குள்ளே இருக்கும் ஏதோ ஒரு புள்ளி, மையம் அல்ல.

வித்தியாசம் ஒன்றரை மில்லிமீற்றர்கூட இல்லை. தாளில் வரைந்தால் எளிதில் கண்ணில் படாது, படம் சரி போலவே தெரியும். அதனால்தான் இந்தப் பிழை ஆபத்தானது. பிடிப்பதற்கு ஒரு வழி உண்டு. கிடைத்த மையத்திலிருந்து ஆரையை இரண்டு விதமாகக் கணக்கிட்டுப் பாருங்கள். சிறிய அரைவட்டத்தின் மையத்துக்கு உள்ள தூரத்தில் 5-ஐக் கழித்தால் ஓர் ஆரை, பெரிய அரைவட்டத்தின் மையத்துக்கு உள்ள தூரத்தை 7.5-இலிருந்து கழித்தால் இன்னோர் ஆரை. மகளின் புள்ளியில் ஒன்று 0.90 என்றும் மற்றது 1.06 என்றும் வரும். ஒரு வட்டத்துக்கு இரண்டு ஆரை இருக்க முடியாதே.

சரி, வட்டத்தை எப்படித் திருப்பி அனுப்புவது? எனக்கு இந்த விஷயம் முழுவதிலும் மிகப் பிடித்த இடம் இது. A-யிலிருந்து ஒரு கோடு தட்டை வெட்டும் இரண்டு புள்ளிகளை P, Q என்று வைப்போம். AP-யையும் AQ-வையும் பெருக்கினால், A-யிலிருந்து தட்டுக்கு வரையும் தொடலியின் நீளத்தின் வர்க்கம் வரும் என்று பாடசாலையில் படித்திருப்பீர்கள். எந்தக் கோட்டை எடுத்தாலும் அது மாறாது. அதை t² என்று எழுதினால், P போய்ச் சேரும் தூரம் 150/AP, அதாவது AQ-வின் 150/t² மடங்கு. P போகிற இடம், Q-வை A-யை நோக்கி ஒரே விகிதத்தில் சுருக்கிய இடம்தான். புள்ளிகள் தங்களுக்குள் இடம் மாறிக்கொள்கின்றன, ஆனால் வட்டம் முழுவதாகப் பார்த்தால் அது வெறும் சுருக்கம். ஆகவே ஆரையையும் மையத்தின் ஆள்கூறுகளையும் 150/t² என்ற ஒரே எண்ணால் பெருக்கினால் போதும்.

மூன்றாம் தட்டுக்கு t² = 12.5² + 15² − 2.5² = 375. விகிதம் 150/375 = 0.4. ஆரை 2.5 × 0.4 = 1. மையம் (5, 6). உயரம் 6, விடை வந்துவிட்டது. பைதகரசைக் கொண்டு சரிபார்க்கலாம். சிறிய அரைவட்டத்தின் மையம் (5, 0), தூரம் 6, அது 5 + 1. பெரியதன் மையம் (7.5, 0), தூரம் 6.5, அது 7.5 − 1. இரண்டாம் வட்டத்தை இதே வழியில் செய்தால் மையம் (7.5, 6), ஆரை 1.5 வரும். இந்த இரண்டு மையங்களுக்கும் இடையில் 2.5, அதாவது 1.5 + 1. எல்லாம் தொடுகின்றன. சமன்பாட்டில் உங்களைச் சிக்க வைத்த வர்க்கமூலம் ஒன்றுகூட இல்லை.

இன்னொன்றையும் மகளிடம் காட்டுங்கள். மூன்றாம் வட்டத்தின் விட்டம் 2, உயரம் 6, மூன்று மடங்கு. இரண்டாவதன் விட்டம் 3, உயரம் 6, இரண்டு மடங்கு. இது தற்செயல் அல்ல. அடுக்கிய தட்டுகளில் n-ஆவது தட்டின் மையம் n விட்டம் உயரத்தில் இருக்கிறது. A அடிக்கோட்டிலேயே இருப்பதால், A-யை நோக்கிச் சுருக்கும்போது உயரமும் விட்டமும் ஒரே விகிதத்தில் சுருங்குகின்றன. AB, AC எந்த நீளமாக இருந்தாலும் இது பொருந்தும். 4ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பப்பஸ் இந்த முடிவை எழுதி வைத்திருக்கிறார், அதையும் பழைய முடிவு என்றே சொல்கிறார். மூன்று அரைவட்டங்களுக்கு இடையில் அடைபட்ட உருவத்துக்குக் கிரேக்கர் வைத்த பெயர் அர்பெலோஸ், செருப்புத் தைப்பவரின் கத்தி. நேர்மாற்றம் என்ற கருவி 19ஆம் நூற்றாண்டில்தான் ஸ்டைனர் போன்றவர்களின் கையில் உருவானது. பப்பஸ் அது இல்லாமலே, இயல்பொத்த முக்கோணிகளைக் கொண்டு நீளமாக நிறுவ வேண்டியிருந்தது.

இது எப்போதும் இவ்வளவு இலகுவாக வராது. இங்கே இரண்டு வட்டங்கள் ஏற்கெனவே A-யில் தொட்டுக்கொண்டிருந்ததால்தான் சமாந்தரக் கோடுகள் கிடைத்தன. ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே கிடக்கும் மூன்று வட்டங்களைத் தந்து, மூன்றையும் வெளியே தொடும் வட்டத்தைக் கேட்டால் என்ன செய்வது? மூன்றின் ஆரைகளையும் ஒரே அளவு கூட்டிக்கொண்டே போங்கள், மிக நெருக்கமான இரண்டும் தொடும் வரைக்கும். தேடும் வட்டம் அதே அளவு சிறுக்கும், மையம் மாறாது. அப்புறம் புதிதாகத் தொட்ட புள்ளியில் நேர்மாற்றம் செய்தால் பழையபடி இரண்டு சமாந்தரக் கோடுகள், அவற்றுக்கு நடுவில் மூன்றாவது வட்டம். கோடுகள் இரண்டையும் அந்த வட்டத்தையும் தொடும் தட்டை வைக்க இரண்டு பக்கமும் இடம் இருக்கும். திருப்பி அனுப்பிய பிறகு, கூட்டிய அளவை மறக்காமல் ஆரையில் சேர்க்க வேண்டும். ஆனால் வைத்த தட்டுக்குள்ளே நேர்மாற்ற மையம் அகப்பட்டுவிட்டால், திரும்பி வருவது மூன்றையும் உள்ளே அடக்கிய வட்டமாக இருக்கும். அதற்கு ஆரையைக் கூட்டும் கணக்கு பொருந்தாது, கேட்டதும் அது அல்ல. அதை விட்டுவிட்டு மறுபக்கத்துத் தட்டைப் பார்க்க வேண்டும். அதற்குள்ளும் மையம் அகப்பட்டால், மூன்றையும் வெளியே தொடும் வட்டமே இல்லை என்று பொருள்.

மகள் நான்காம் வட்டத்தைத் தானே செய்து பார்க்கட்டும். t² = 550 வரும், மையம் முழு எண்ணாக வராது. ஆனால் ஆரையை இரண்டு விதமாகப் பார்க்கும்போது இரண்டும் ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால் எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.