கம்பெனிக்கு 3 வருஷம், ஓனருக்கு 20 வருஷம்: ப்ரொஃபைல்ல எதைப் போடுறது?

கேள்வி: எங்க மிளகு ஏற்றுமதி கம்பெனி ஆரம்பிச்சு 3 வருஷம்தான் ஆகுது, ஆனா ஓனர் இதே லைன்ல 20 வருஷமா இருக்கார். டிரேட் போர்ட்டல் ப்ரொஃபைல்ல "20 வருட அனுபவம் உள்ள நிறுவனம்"னு போடலாமா? வெளிநாட்டு பையர் நம்புற மாதிரி எப்படி எழுதணும்?

பதில்:

அப்படிப் போடாதீங்க. அந்த 20 வருஷம் ஓனரோடது, கம்பெனியோடது இல்ல. ரெண்டையும் ஒண்ணா கலந்து எழுதினா முதல்ல அடிபடுறது உண்மையிலேயே உங்ககிட்ட இருக்கிற நல்ல விஷயம்தான். மசாலா கம்பெனிகளுக்கு ப்ரொஃபைல் எழுதிக் குடுக்கிற வேலை பாக்கிறேன், இந்த ஒரு வரிதான் பெரும்பாலும் எல்லார்கிட்டயும் மாத்த வேண்டியிருக்கு.

ஏன்னா ப்ரொஃபைலைப் படிக்கிற ஆள் யாருன்னு பாருங்க. முதலாளி படிக்க மாட்டார், பர்ச்சேஸ் டீம்ல ஒருத்தர் வரிசையா பல சப்ளையர் பக்கங்களை திறந்து வச்சுக்கிட்டு எதை எடுத்துடலாம்னு பாப்பார். அவர் பாக்கிற உங்க பக்கத்துல கம்பெனி பதிவு வருஷம் இருக்கும், வெப்சைட் எப்ப ஆரம்பிச்சதுன்னு தெரியும், பல நாடுகள்ல கம்பெனி பதிவு விவரத்தை யார் வேணா ஆன்லைன்ல பாக்கலாம். "நிறுவப்பட்ட ஆண்டு" கட்டத்துல ஒண்ணு, கீழ பத்தியில 20 வருஷம்னு இன்னொண்ணு இருந்தா அவர் மெயில் போட்டு விளக்கம் கேக்க மாட்டார், அடுத்த சப்ளையருக்குப் போயிடுவார்.

அதனால பதிவு வருஷத்தை உள்ளபடி போடுங்க. ஓனரோட 20 வருஷத்துக்கு தனியா ஒரு பத்தி குடுங்க, அதுல வருஷக் கணக்கை விட அந்த வருஷங்கள்ல அவர் கையால என்ன வேலை செஞ்சார்ங்கிறதுக்கு இடம் குடுங்க. ஒரு உதாரணத்துக்கு எழுதிக் காட்டுறேன் (போர்ட்டல்ல ஆங்கிலத்துலதான் போடுவீங்க, விஷயம் புரியட்டும்னு தமிழ்ல). முதல்ல எல்லாரும் எழுதுற மாதிரி:

"மிளகு வணிகத்தில் 20 ஆண்டு பாரம்பரியம் கொண்ட முன்னணி ஏற்றுமதி நிறுவனம். உயர்ந்த தரம், போட்டி விலை, குறித்த நேரத்தில் டெலிவரி."

இதுல பையர் செக் பண்ணிப் பாக்க ஒரு வார்த்தை கூட இல்ல. அதே ஆளைப் பத்தி இப்படி எழுதலாம்:

"நிறுவனம் 3 ஆண்டுகளுக்கு முன் பதிவானது. அதற்கு முன் உரிமையாளர் ஒரு மிளகு பதப்படுத்தும் ஆலையில் 17 ஆண்டுகள் வேலை பார்த்தார். முதல் 11 ஆண்டுகள் கொள்முதல்: விவசாயிகளிடமும் கமிஷன் மண்டியிலும் வாங்குவது, ஈரப்பதமும் லிட்டர் எடையும் பார்த்து விலை முடிவு செய்வது. அடுத்த 6 ஆண்டுகள் ஏற்றுமதிப் பிரிவு: கிரேடிங், லோடிங், ஷிப்பிங் ஆவணங்கள். சொந்த நிறுவனத்தில் முதல் ஆண்டு 2 கண்டெய்னர் வேறொரு ஏற்றுமதியாளர் பெயரில் அனுப்பினோம். அடுத்த ஆண்டு 4, கடந்த ஆண்டு 6, இந்தப் பத்தும் எங்கள் சொந்தப் பெயரில்."

வேறொருத்தர் பேர்ல போனதை எதுக்கு நாமளே சொல்லணும்னு ஓனர்கள் கேப்பாங்க. அது எப்படியும் தெரிஞ்சுடும். அமெரிக்காவுக்கு கப்பல்ல போற சரக்கோட மேனிஃபெஸ்ட் விவரம் பொதுவா வெளியில கிடைக்கும், அதைத் தொகுத்து விக்கிற டேட்டா கம்பெனிகள் இருக்கு, ஷிப்பர் பேரைப் போட்டா எந்தத் துறைமுகத்துக்கு என்ன சரக்கு எப்ப போச்சுன்னு வரும். பேரை மறைக்கச் சொல்லி மனு போட்டு மறைச்சவங்களும் உண்டு, அதனால பேர் வரலைன்னா ஷிப்மென்ட்டே இல்லன்னு அர்த்தமில்ல, ஆனா பையருக்கு ஒரு கேள்வி எழும். அந்தக் கேள்விக்கு பதில் ப்ரொஃபைல்லயே இருந்துட்டா அது சந்தேகமா வளராது. பில் ஆஃப் லேடிங்ல ஷிப்பர் இடத்துல யார் பேர் இருந்ததோ அந்த ஷிப்மென்ட் அவங்க கணக்குதான், நீங்க வாங்கி சுத்தம் பண்ணி குடுத்தது உண்மைன்னா அதை அப்படியே சொல்லலாம், அதுவும் அனுபவம்தான்.

பழைய கம்பெனியோட கஸ்டமர் பேர்களை மட்டும் இழுக்காதீங்க. ஓனர் அங்க வேலை பாத்தப்ப ஒரு பெரிய பிராண்டுக்கு சரக்கு போயிருக்கலாம், அதை வச்சு அந்த பிராண்டோட லோகோவை உங்க பக்கத்துல போட்டா அந்தக் கம்பெனியோட பர்ச்சேஸ் ஆளே ஒருநாள் பாப்பார். "சில்லறை பேக்கிங் செய்யும் நிறுவனங்களுக்கான லாட்களைக் கையாண்டவர்"னு எழுதினாலே போதும். இப்ப உங்ககிட்ட வாங்குற பையர் ரெண்டு பேர்கிட்ட சம்மதம் வாங்கி வச்சுக்கிட்டு, "கேட்டால் ரெஃபரன்ஸ் தருகிறோம்"னு போடுங்க, பேரை பக்கத்துல போட வேண்டாம்.

அடுத்தது எண்கள். "மாத உற்பத்தி 500 டன்"னு போட்ட ப்ரொஃபைல் எவ்வளவோ இருக்கு. மிளகு வாங்குறவங்களுக்கு 20 அடி கண்டெய்னர்ல மூட்டையா ஏத்தினா 14, 15 டன் வரும்னு தெரியும். போன வருஷம் 6 கண்டெய்னர்னா 84லேர்ந்து 90 டன், மொத்த வருஷத்துக்கும். மாசம் 500 டன் பண்றவர் வருஷத்துக்கு 90 டன்தான் அனுப்பினாரான்னு அவங்க மனசுலயே கணக்கு போட்டுடுவாங்க. இந்த 500 எங்கிருந்து வருதுன்னு நான் ஓனர்கள்கிட்ட கேப்பேன், பெரும்பாலும் மெஷின் விக்கிற ஆள் சொன்ன எண்ணாத்தான் இருக்கும். உங்க க்ளீனிங் லைன் மணிக்கு ஒரு டன் ஓடுதுன்னு வைங்க, 8 மணி நேரம், 25 நாள், 200 டன் வரும். அது கூட நாள் முழுக்க சரக்கு கொட்டிக்கிட்டே இருந்தாத்தான். மிளகு வாங்கிப் போட காசு, குடோன் இடம், அறுவடை சீசன் எல்லாம் சேர்ந்துதான் உண்மையில எவ்வளவு முடியும்னு முடிவாகும். அதனால மூணு எண்ணையும் தனித்தனியா எழுதுங்க: மெஷினோட திறன் எவ்வளவு, போன வருஷம் அனுப்பினது எவ்வளவு, புது பையர் ஒருத்தருக்கு மாசம் எத்தனை கண்டெய்னர்னு உறுதியா சொல்ல முடியும். கடைசி எண்தான் அவருக்கு வேணும், மாசம் ஒண்ணுன்னாலும் பரவாயில்ல, தவறாம வரும்னு தெரிஞ்சா அதுக்கு ஏத்த மாதிரி ஆர்டர் போடுவார்.

தரத்தையும் "எக்ஸ்போர்ட் குவாலிட்டி"னு விட்டுடாதீங்க. லிட்டருக்கு 550 கிராம், ஈரப்பதம் அதிகபட்சம் 12.5 சதவீதம்னு ஒரு வரி எழுதினா இவர் மிளகு தெரிஞ்ச ஆள்னு உடனே புரியும் (நீங்க நிஜமா என்ன குடுக்கிறீங்களோ அந்த எண்ணை போடுங்க). லிட்டர் எடை குறைஞ்சா உள்ள பொக்கு மிளகு அதிகம்னு அர்த்தம், அதனாலதான் அதை முதல்ல கேக்கிறாங்க. ஐரோப்பாவுக்கு அனுப்புறதா இருந்தா மிளகுல பூஞ்சையால வர்ற நச்சான அஃப்ளாடாக்சின் பி1 கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், மொத்த அஃப்ளாடாக்சின் 10, இதுக்குள்ள இருக்கணும். "ஐரோப்பிய தரம்"னு பொதுவா போடாம, கடைசியா எந்த லாட்டுக்கு டெஸ்ட் எடுத்தீங்க, லேப் ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் உள்ளதா, சாம்பிளை லேப் ஆள் வந்து எடுத்தாரா நீங்களே கொண்டு போய் குடுத்தீங்களான்னு சொல்லுங்க. நீங்க குடுத்த சாம்பிள்னா அந்த ரிப்போர்ட் அந்தச் சின்ன பாக்கெட்டுக்குத்தான் சாட்சி, மொத்த லாட்டுக்கு இல்ல, அது பையரோட தர அதிகாரிக்கு நல்லாத் தெரியும். போன அறுவடையோட ரிப்போர்ட்டை இந்த வருஷ சரக்குக்கு காட்டுறதும் அதே மாதிரிதான்.

சர்டிஃபிகேட் விஷயத்துல ஒண்ணை மட்டும் அழுத்திச் சொல்லணும். "எஃப்டிஏ சான்றிதழ் பெற்ற நிறுவனம்"னு தயவுசெஞ்சு எழுதாதீங்க. அமெரிக்க எஃப்டிஏ உணவு ஃபேக்டரிக்கு பதிவு எண் குடுக்கும், சான்றிதழ் குடுக்கிறதில்ல. அந்தப் பதிவையும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, இரட்டைப்படை வருஷத்துல அக்டோபர்லேர்ந்து டிசம்பருக்குள்ள, புதுப்பிக்கணும். ஏஜெண்ட் காசு வாங்கிக்கிட்டு கழுகு படம் போட்ட ஒரு பேப்பர் குடுத்திருப்பார், அதை ஸ்கேன் பண்ணி போட்டீங்கன்னா அமெரிக்க இம்போர்ட்டருக்கு உங்களுக்கு இந்த விதி தெரியலைன்னுதான் தெரியும். "எஃப்டிஏ-ல பதிவு செய்யப்பட்ட யூனிட், பதிவு நடப்பில் உள்ளது"ன்னு எழுதினா சரியா இருக்கும். அதே மாதிரி சுத்தம் பண்றது, ஸ்டீம் ட்ரீட்மென்ட் எல்லாம் வேற யூனிட்ல நடக்குதுன்னா ஐஎஸ்ஓ 22000 உணவுப் பாதுகாப்பு சான்று அவங்க பேர்லதான் இருக்கும், அதை உங்களோடதுன்னு காட்டாம "பார்ட்னர் யூனிட்டில் நடக்கிறது, சான்று அவர்கள் பெயரில்"னு சொல்லிடுங்க.

இன்னொண்ணு, இதை ஓனர்கள் முதல்ல ஒத்துக்கவே மாட்டாங்க. பிரச்சனை வந்த ஒரு ஷிப்மென்ட்டைப் பத்தி ரெண்டு மூணு வரி எழுதச் சொல்லுவேன். எனக்குத் தெரிஞ்ச ஒரு ஏற்றுமதியாளருக்கு கண்டெய்னர் இறங்கினப்ப மேல் அடுக்கு மூட்டைகள் நனைஞ்சு பூஞ்சை பிடிச்சிருந்துச்சு. மழை உள்ள வரல, வெக்கையான இடத்துல ஏத்தி குளிரான கடல் வழியா போறப்ப உள்ள இருக்கிற ஈரம் கண்டெய்னர் கூரையில வேர்த்து சொட்டியிருக்கு. சரக்கோட ஈரப்பதமும் லோடிங் அன்னைக்கு கொஞ்சம் அதிகம். அவர் அந்த மூட்டைகளுக்கு பணத்தை கழிச்சுக் குடுத்தார், அடுத்த ஷிப்மென்ட்லேர்ந்து லோடிங்குக்கு முன்னாடி மூட்டை மூட்டையா ஈரம் பாக்கிறது, உள்பக்கம் கிராஃப்ட் பேப்பர் விரிக்கிறது, ஈரம் உறிஞ்சுற பைகளை தொங்க விடுறதுன்னு மாத்திக்கிட்டார். இதை அப்படியே ப்ரொஃபைல்ல போட்டோம். அதுக்கப்புறம் வந்த விசாரணைகள்ல சிலர் விலையைக் கேக்கிறதுக்கு முன்னாடியே அந்த லோடிங் போட்டோவைக் கேட்டாங்க. வாங்குறவருக்கு தெரிய வேண்டியது சரக்கு கெட்டா இந்த ஆள் போனை எடுப்பாரா மாட்டாரான்னுதான், அதுக்கு "வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் லட்சியம்" பதிலாகாது. நீங்களும் உங்க ஓனர்கிட்ட கேளுங்க, 20 வருஷத்துல இப்படி ஒண்ணாவது கட்டாயம் இருக்கும். பழைய கம்பெனியில நடந்ததுன்னா பேர் சொல்லாம, அதுல அவர் பங்கு என்னன்னு மட்டும் எழுதுங்க.

போட்டோக்கள் உங்க குடோன்ல எடுத்ததாவே இருக்கட்டும். நெட்ல கிடைக்கிற மிளகு படத்தை இமேஜ் சர்ச்ல போட்டா அதே படம் வேற பல கம்பெனி பக்கத்துல வந்து நிக்கும். மூட்டையில லாட் நம்பர் தெரியிற மாதிரி ஒண்ணு, லைன் ஓடுறப்ப ஒண்ணு, லோடிங் அப்ப கண்டெய்னர் உள்பக்கம் ஒண்ணு, போதும். பையரோட ஷிப்பிங் மார்க் தெரிஞ்சா மறைச்சுடுங்க.

கையெழுத்து சீல் போட்ட இன்வாய்ஸ், பழைய பில் ஆஃப் லேடிங், பேங்க் விவரம் இதெல்லாம் "ஆதாரம்"னு பக்கத்துல ஏத்தாதீங்க. அதை எடுத்து உங்க பேர்லயே போலி இன்வாய்ஸ் அடிச்சு வேற அக்கவுண்டுக்கு பணம் போடச் சொல்ற கும்பல் இருக்கு. பையர் கேட்டா மெயில்ல, விலையையும் மத்தவங்க பேரையும் மறைச்சு அனுப்புங்க. அனுப்புறதுக்கு முன்னாடி பதிவு சான்று, பேங்க் அக்கவுண்ட், பில் ஆஃப் லேடிங், போர்ட்டல் பக்கம், நாலுலயும் கம்பெனி பேர் ஒரே ஸ்பெல்லிங்ல இருக்கான்னு ஒரு தடவை பாத்துக்கோங்க.