வாடிய மணிலாவைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள். வரத் தேவையும் இல்லை

கேள்வி: ஐயா, விருத்தாசலம் பக்கம் மூன்று ஏக்கரில் ஆடிப்பட்டத்துக்கு மானாவாரி மணிலா போட்டேன். வானிலைக் காப்பீடு கட்டியிருக்கிறேன். பூவெடுக்கும் நேரத்தில் மழை இல்லாமல் செடி வாடிவிட்டது. இதுவரை யாரும் வயலைப் பார்க்க வரவில்லை. ஆளை வரவழைக்க ஒருவர் இரண்டாயிரம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மழைக் குறைவுக்காக வானிலைக் காப்பீட்டில் எந்த அதிகாரியும் வயலுக்கு வருவதில்லை. வராத ஆளை வரவழைப்பதாகச் சொல்லித்தான் அந்த மனிதர் பணம் கேட்கிறார்.

அறுவடைச் சோதனை செய்து மகசூலைப் பார்க்கும் பயிர்க் காப்பீடு வேறு. அதில் சோதனைக்காகத் தேர்ந்தெடுத்த வயல்களில் அறுத்து எடை பார்ப்பார்கள். உங்களுடையது மழைமானியை நம்பி எழுதிய ஒப்பந்தம். உங்கள் ஊருக்கென்று ஒரு வானிலை நிலையத்தை ஒதுக்கியிருப்பார்கள். அங்கே குறிப்பிட்ட நாட்களில் பதிவான மழை, ஒப்பந்த அளவுக்குக் குறைந்தால் பணம் வரும். உங்கள் செடி பிழைத்ததா, காய்ந்ததா என்ற கேள்வியே இல்லை. பக்கத்துப் போரில் தண்ணீர் வாங்கிக் காப்பாற்றியிருந்தாலும் அந்தப் பணம் உங்களுக்கு உண்டு.

கணக்கைப் பாருங்கள். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்களுக்கானவை 'டெர்ம் ஷீட்' என்ற தாளில் இருக்கும். பூவெடுத்து ஊசி இறங்கும் கட்டத்துக்கு 120 மில்லிமீட்டர் வேண்டும், குறைகிற ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஏக்கருக்கு 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த நாட்களில் நிலையத்தில் மொத்தம் 105 மில்லிமீட்டர் பெய்தது. அதில் 95 ஒரே ராத்திரி இடிமழை. பல ஒப்பந்தங்களில், ஒரு நாளில் இவ்வளவுக்கு மேல் பெய்தால் மிச்சத்தைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். ஓடி வீணாகும் தண்ணீர் வேருக்கு உதவாது என்பதுதான் காரணம். அந்த வரம்பு 60 என்றால் 35 கழிந்து 70தான் நிற்கும். குறைவு 50 மில்லிமீட்டர். ஏக்கருக்கு 2,500, மூன்று ஏக்கருக்கு 7,500 ரூபாய். விதைப்பு நேரத்தில் கொட்டிய மழையை இந்தக் கட்டத்தோடு சேர்ப்பதில்லை. ஒவ்வொரு கட்டமும் தனித்தனி.

பத்திரிகையில் வரும் மழை அளவோடு நீங்களே ஒப்பிடுவதானால் ஒன்றை நினைவில் வையுங்கள். இன்று காலை 8.30க்குப் பதிவாவது நேற்றுக் காலை 8.30லிருந்து பெய்த மழை.

இதில் உண்மையான வலி ஒன்று இருக்கிறது. ஆடி, ஆவணியில் நம் பக்கம் பெய்வது பெரும்பாலும் சாயங்கால இடிமழை. ஓர் ஊரில் வெளுத்து வாங்கும், அடுத்த ஊரில் புழுதி பறக்கும். நிலையத்தில் நன்றாகப் பெய்து உங்கள் கொல்லையில் ஒரு சொட்டு விழாமல் போனால், பணம் வராது. போட்டோ எடுத்தாலும் வராது, கிராம நிர்வாக அலுவலர் சான்று கொடுத்தாலும் வராது. நீங்கள் சொந்தமாக வைத்த மழைமானியையும் ஏற்கமாட்டார்கள். இதன் மறுபக்கமும் உண்டு: உங்கள் வயல் நனைந்திருக்கும், நிலையம் காய்ந்திருக்கும், பணம் வந்து சேரும். நிலையம் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு இந்தப் பிசகு கூடும். பிரீமியம் வாங்கும்போது இதைச் சொல்ல ஒருவர் வாய் திறப்பதில்லை. எந்த நிலையம் என்பதையாவது ரசீதில் தமிழில் பெரிதாக அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்? கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

நிலையத்தை ஒதுக்குவது நீங்கள் பதிவு செய்த ஊரை வைத்துத்தான். அங்கேதான் தரகர்கள் கெடுக்கிறார்கள். பத்துப் பேருடைய மனுவை மொத்தமாக வாங்கிக்கொண்டு போய், அவசரத்தில் எல்லோருக்கும் ஒரே கிராமத்தை, ஒரே பயிரைப் போட்டுவிடுகிறார்கள். உங்கள் மழை வேறு ஊர் மழைமானியில் அளக்கப்படும். அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆகவே ரசீதை எடுத்துக் கிராமம், சர்வே எண், பயிர், பரப்பு நான்கையும் அடங்கலோடு ஒத்துப் பாருங்கள். அந்த ரசீது மகசூல் காப்பீடா, வானிலைக் காப்பீடா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பெயர் குழம்பிப் பலர் மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள். பதிவுக்கான கடைசித் தேதிக்குள் என்றால் திருத்துவது எளிது. அது கடந்திருந்தால் பிழையைத் தேதியோடு எழுதி, வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திடமும் கொடுத்துக் கையொப்பமிட்ட நகலை வாங்கி வையுங்கள்.

ரசீது சரியாக இருந்தால் நீங்கள் மனு எதுவும் போட வேண்டாம். உங்கள் நிலையத்தின் பெயரையும் அந்தக் கட்டத்தின் தினசரி மழை விவரத்தையும் வேளாண்மை அலுவலகத்தில் கேளுங்கள், இல்லையென்றால் 14447க்கு அழைத்துக் கேளுங்கள். வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று வங்கியில் பாருங்கள். கணக்கு முடங்கிக் கிடந்தால் அனுப்பிய பணம் திரும்பிப் போகும்.