பல்பு மாற்றினேன், எதிரே வருபவர் திட்டுகிறார்

கேள்வி: இடது ஹெட்லைட் பல்பு போய்விட்டது. நானே புதிது வாங்கி மாட்டினேன், அதே எச்4 வகைதான். அன்றிலிருந்து எதிரே வரும் வண்டிகள் எனக்கு லைட் அடித்துக் காட்டுகின்றன. லோ பீமில்தான் ஓட்டுகிறேன். திருகைத் திருப்பி வெளிச்சத்தை இறக்கிவிடட்டுமா?

பதில்: திருகைத் தொடாதீர்கள். அந்தத் திருகு அசைப்பது ரிஃப்ளெக்டரை. நீங்கள் தொட்டது பல்பை. பழைய பல்பு இருந்தவரை யாரும் திட்டவில்லை என்றால் ரிஃப்ளெக்டர் சரியான கோணத்தில்தான் இருந்தது, இன்றும் அங்கேயேதான் இருக்கிறது. புதுப் பல்பு ஒழுங்காக உட்காரவில்லை என்பதே என் சந்தேகம்.

எச்4 பல்புக்குள் இரண்டு இழைகள் இருக்கும். லோ பீம் இழைக்கு அடியில் மட்டும் சின்னத் தொட்டி போல ஓர் உலோகத் தகடு உண்டு. கீழே போகும் ஒளியை அது மறைத்துவிடும். மேலே போகும் ஒளி மட்டும் ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் பட்டு, சாலைப் பக்கம் சாய்ந்து இறங்கும். எதிரே வருபவரின் கண்ணைக் காப்பாற்றுவது இந்தத் தகடுதான். அது சரியாகக் கீழே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் பல்பின் வட்டத் தட்டில் மூன்று காதுகள் வைத்திருக்கிறார்கள், அதில் ஒன்று மற்ற இரண்டைவிட அகலம். ஹெட்லைட்டின் பின்புறப் பள்ளங்களில் ஒரே ஒரு விதமாகத்தான் அவை பொருந்தும்.

ஆனால் ஒரு காது பள்ளத்தில் இறங்காமல் விளிம்பில் ஏறி நின்றாலும், அழுத்திப் பிடித்தால் ஸ்பிரிங் கிளிப் மாட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். உள்ளே இழை ஓரிரு மில்லிமீட்டர் விலகியிருக்கும். அந்த விலகலே போதும்.

இருட்டிய பிறகு ஒரு வெற்றுச் சுவர் முன் வண்டியை நிறுத்தி லோ பீமைப் போடுங்கள். நீங்கள் தொடாத வலது விளக்கைப் பாருங்கள்: வெளிச்சம் ஒரு மட்டத்தில் சட்டென்று முடிந்து, அதற்கு மேல் இருட்டாக இருக்கும். இனி இடது விளக்கு. அங்கே அந்தக் கோடு கலங்கி, மேலே திட்டுத் திட்டாக வெளிச்சம் சிதறிக் கிடந்தால் பல்பின் இருப்புதான் தப்பு. கோடு கூர்மையாகவே இருந்து, மொத்தமாக உயரத்தில் நின்றால் மட்டுமே திருகுக்கு வேலை.

விளக்கை அணைத்து ஆறவிட்டு, பல்பைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள். கண்ணாடிப் பகுதியில் விரல் படவேண்டாம். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகமாகச் சூடேறிப் பல்பு சீக்கிரம் போகும். கிளிப்பை மாட்டுவதற்கு முன் தட்டைப் பிடித்து லேசாகத் திருப்பிப் பாருங்கள். சுழலவும் கூடாது, ஆடவும் கூடாது. பள்ளத்தில் இறங்கிய பல்பு கிளிப் இல்லாமலேயே ஓரளவு நின்றுகொள்ளும்.

கேள்வி: பழைய கார் வாங்கினேன். பல்புகளை மாற்றிச் சரியாகவே மாட்டியிருக்கிறேன், கோடும் கூர்மையாக இருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் உயரமாகத் தெரிகிறது. எவ்வளவு இருக்க வேண்டும் என்று எப்படி அளப்பது?

பதில்: அளந்து பார்க்கவேண்டும் என்று தோன்றியதே, நீங்கள் நல்லவர்.

சமதளமான தரை, எதிரே செங்குத்தான சுவர். டயர்களில் சரியான காற்று, டிக்கி காலி, ஓட்டுநர் இருக்கையில் ஓர் ஆள். டேஷ்போர்டில் ஹெட்லைட் உயரத்துக்கென்று எண் போட்ட குமிழ் இருந்தால் அதை 0-வில் வையுங்கள். வண்டியைச் சுவரை ஒட்டி நிறுத்தி, ஒவ்வொரு விளக்கின் நடுவுக்கும் நேராகச் சுவரில் செங்குத்தாக டேப் ஒட்டுங்கள். தரையிலிருந்து விளக்கின் நடு எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் ஒரு கிடை டேப். பிறகு ஸ்டீயரிங்கைத் திருப்பாமல் நேராகப் பின்னால் எடுத்து, விளக்குக்கும் சுவருக்கும் 5 மீட்டர் இடைவெளி விடுங்கள்.

பல கார்களில் ஹெட்லைட்டின் மீதோ பானெட்டுக்கு அடியிலோ 1.0% அல்லது 1.2% என்று அச்சிட்டிருக்கும். 1% என்றால் மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் இறக்கம். ஆக 5 மீட்டரில் வெளிச்சத்தின் மேல் விளிம்பு கிடை டேப்புக்கு 5 சென்டிமீட்டர் கீழே நிற்கவேண்டும்.

உங்கள் விளக்கின் உயரம் 65 சென்டிமீட்டர் என்றும், விளிம்பு டேப்புக்கு 6 சென்டிமீட்டர் மேலே தெரிகிறது என்றும் வைத்துக்கொள்வோம். சுவரில் பார்த்தால் அற்பமாகத் தெரியும். ஆனால் அந்த வெளிச்சம் மீட்டருக்கு 1.2 சென்டிமீட்டர் ஏறிக்கொண்டே போகிறது. எதிரே வரும் காரில் ஓட்டுநரின் கண் தரையிலிருந்து சுமார் 115 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், 42 மீட்டர் தூரத்திலேயே விளிம்பு அந்தக் கண்ணை எட்டிவிடும். அதற்கு அப்பால் வருகிற ஒவ்வொருவரும் உங்கள் முழு வெளிச்சத்துக்குள்தான் வருகிறார்கள்.

பயந்துபோய் அளவுக்கு மீறி இறக்கவும் வேண்டாம். 1% இறக்கத்தில் விளிம்பு 65 மீட்டர் தள்ளித் தரையைத் தொடும். சுவரில் 12 சென்டிமீட்டர் இறக்கிவிட்டால் 27 மீட்டரிலேயே தொட்டுவிடும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறீர்கள். மீதியை நீங்களே கணக்குப் போடுங்கள்.

ஒரு விளக்கை அட்டையால் மறைத்துவிட்டு மற்றதைச் சரிசெய்யுங்கள். பெரும்பாலும் இரண்டு திருகுகள் இருக்கும், ஒன்று மேல்-கீழ், இன்னொன்று இடம்-வலம். அரைச் சுற்று திருப்பி, சுவரைப் பார்த்து, மறுபடி அரைச் சுற்று. விளிம்பு முழுக்க நேர்கோடாக இருக்காது. சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் அது இடது ஓரத்தில் மேலேறும், வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் வலது ஓரத்தில். ஓரமாக நடப்பவர் தெரியவேண்டும் என்பதற்காக அப்படி. ஏறும் பகுதியை விட்டுவிட்டு, மட்டமான பகுதியில்தான் அளக்க வேண்டும். மட்டம் முடிந்து ஏற்றம் தொடங்கும் முனை செங்குத்து டேப்பின் மேல் விழுந்தால் இடம்-வலமும் சரி.

கேள்வி: 100/90 வாட் பல்பு மாட்டி, திருகை இறக்கிவிட்டால் பிரச்சினை இல்லைதானே?

பதில்: இருக்கிறது. 60/55 வாட்டுக்குப் போட்ட வயரும் பிளாஸ்டிக் கனெக்டரும் முதலில் உருகும்.

கேள்வி: ஹாலஜன் இருந்த இடத்தில் எல்இடி பல்பு வாங்கி மாட்டினேன். எதிரே வருபவர்கள் கத்துகிறார்கள். விற்றவரோ, "லைட்டைக் கொஞ்சம் இறக்கி வைங்க சார், சரியாகிடும்" என்கிறார். நம்பலாமா?

பதில்: இதே வசனத்தை நம்பி நானும் ஒரு ஜோடி வாங்கினேன். பின்னால் குட்டி மின்விசிறி, பெட்டியின் மேல் பகல் போல ஜொலிக்கும் சாலைப் படம். மாட்டிய அன்று பம்பருக்கு முன்னால் இருந்த தரை பளபளவென்று தெரிந்தது, எனக்கு ஒரே பெருமை. சுவர் முன் நிறுத்திப் பார்த்தபோதுதான் கோடு என்று ஒன்று இல்லவே இல்லை என்று தெரிந்தது. மூன்று மாலைகள் திருகோடு மல்லுக்கட்டினேன். இறக்க இறக்கத் தூரத்துச் சாலை இருண்டதே தவிர, மேலே சிதறிய வெளிச்சம் போகவில்லை. கடைசியில் பழைய பல்புகளையே மாட்டினேன். திருகை நான்தான் கலைத்துவிட்டேனே, அதனால் அளவெடுக்கும் வேலை முழுவதையும் முதலிலிருந்து செய்யவேண்டி வந்தது.

காரணம் எளிது. அந்த ரிஃப்ளெக்டரின் வளைவு, குறிப்பிட்ட ஓர் இடத்தில் இருக்கும் மெல்லிய இழைக்காகக் கணக்கிட்டது. எல்இடி பல்பிலோ ஒரு தகட்டின் இரண்டு பக்கமும் சில்லுகள் ஒட்டியிருக்கும். நடுவே தகட்டின் தடிமன், சில்லின் அளவும் இடமும் வேறு. கோணம் தவறினால் திருகு திருத்தும். ஒளி பிறக்கும் இடமே மாறினால் திருகு என்ன செய்யும்? "இறக்கி வைங்க" என்பது பொருள் பொருந்தவில்லை என்று விற்றவரே கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம். அதைத் தீர்வு மாதிரி சொல்லி அனுப்புகிறார்களே, அங்கேதான் எனக்கு எரிகிறது. கிட்டத்துத் தரை அதிகம் ஜொலித்தால் கண்ணின் பாவை சுருங்கி, தூரம் இன்னும் மங்கலாகும் என்பதையும் எந்தப் பெட்டியும் சொல்வதில்லை.

இப்படிப்பட்ட பல்பு எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஜெர்மனியில் 2020 முதல் சில எல்இடி மாற்றுப் பல்புகளுக்கு அனுமதி உண்டு. ஆனால் பட்டியலில் உள்ள கார் மாடல்களுக்கு, அந்தந்த ஹெட்லைட்டில் சோதித்த பிறகுதான். "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்பதற்கு நேர் எதிர் அது. எந்த ஹெட்லைட்டுக்குச் சோதித்தீர்கள் என்று உங்கள் விற்பனையாளரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: பல்பு மாற்றக் கொடுத்தேன். இப்போது மேடு பள்ளத்தில் ஒரு பக்க வெளிச்சம் துள்ளுகிறது. திறந்து பார்த்தால் கிளிப் உடைந்து, கம்பியால் கட்டியிருக்கிறது. கேட்டால் "முன்னாடியே அப்படித்தான் இருந்துச்சு" என்கிறார்.

பதில்: வயிற்றெரிச்சல்தான், உங்கள் மேல் தப்பே இல்லை. கம்பி கட்டிய பல்பை எந்தத் திருகாலும் நேராக்க முடியாது. வண்டி குலுங்கும்போதெல்லாம் இழை இடம் மாறும். கட்டை அவிழ்ப்பதற்கு முன் இரண்டு படம் எடுங்கள்: கம்பி தெரியும்படி ஒன்று, சுவரில் இரண்டு விளக்கின் வெளிச்சமும் பக்கம் பக்கமாகத் தெரியும்படி ஒன்று. ரசீதோடு எழுத்தில் புகார் கொடுங்கள். முன்பே உடைந்திருந்தால் கம்பி கட்டும்போதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் கூலி வாங்கியது ஏன் என்பது மட்டும்தான் உங்கள் கேள்வி. சில மாடல்களுக்குக் கிளிப் தனியாகக் கிடைக்கும். முழு ஹெட்லைட்டையும் மாற்றவேண்டும் என்று யாராவது சொன்னால், உதிரிபாகக் கடையில் விசாரிக்காமல் தலையாட்டாதீர்கள்.

கேள்வி: சுவர் முன் வைத்து அளந்து சரிசெய்தேன். குடும்பத்தோடு பயணம் போனால் மட்டும் எதிரே வருபவர்கள் லைட் அடிக்கிறார்கள்.

பதில்: பின்சீட்டில் மூவர், டிக்கி நிறையப் பெட்டிகள், அப்படித்தானே? முன், பின் சக்கரங்களுக்கு இடையே 250 சென்டிமீட்டர் உள்ள காரில் பின்பக்கம் 4 சென்டிமீட்டர் அமுங்கினால் மூக்கு 1.6% தூக்கும். நீங்கள் வைத்த 1% இறக்கம் போய் 0.6% ஏற்றம் ஆகிவிடும். திருகைத் தொடவேண்டாம், அதற்குத்தான் அந்த எண் போட்ட குமிழ். எண் கூடக்கூட வெளிச்சம் இறங்கும். எத்தனை பேருக்கு எந்த எண் என்று வண்டியோடு வந்த கையேட்டில் போட்டிருக்கிறது. அதன் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

கேள்வி: பல்பு மாற்றியபின் எனக்கு வெளிச்சம் பிரமாதமாக இருக்கிறது. மரக்கிளையெல்லாம்கூடத் தெரிகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: கிளை மேல் ஓட்டுவதாக இருந்தால் விட்டுவிடலாம். இல்லையென்றால் முதல் கேள்விக்குச் சொன்னதைப் படித்துவிட்டுப் பல்பைக் கழற்றுங்கள்.